பட்டியலில் ஏறுவதற்கு ஆகும் செலவு
(இராஜாக்கமங்கலம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனாலும் வெளிநாட்டுத் தளங்களின் 'ஸ்லாட் ரேஸ்' அழைப்பு நம் பிள்ளைகளின் செல்போனுக்கு வரக்கூடும். "நுழைவுக் கட்டணம் இல்லை, முதல் பத்துப் பேருக்கு 50,000 ரூபாய் பரிசு" என்று இருக்கும்.

கட்டணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இத்தகைய பந்தயங்கள் பலவற்றில் புள்ளி கிடைப்பது ஜெயித்த பணத்துக்கு அல்ல, பந்தயம் கட்டிய மொத்தத் தொகைக்குத்தான். 20 ரூபாய் வீதம் 2,500 முறை சுழற்றினால் 50,000 ரூபாய் கட்டியதாகிறது. ஸ்லாட் நூற்றுக்கு நான்கு ரூபாயைத் தனக்கென்று பிடித்துக்கொள்வதாக வைத்தால், சராசரியாக ஒருவருக்கு 2,000 ரூபாய் நஷ்டம். இப்படி நூறு பேர் ஆடினால் தளத்துக்கு இரண்டு லட்சம் சேரும். அதிலிருந்துதான் அந்த 50,000 பரிசாகத் திரும்புகிறது. மீதி ஒன்றரை லட்சம் அவர்களுக்கு. தொண்ணூறு பேருக்குப் பட்டியலில் ஒரு எண் மட்டும்.

கடைசி ஒரு மணி நேரம்தான் மோசம். பதினோராம் இடத்தில் நிற்பவன் "இன்னும் கொஞ்சம்" என்று பந்தயத்தைக் கூட்டுவான். பத்தாமவனும் விடமாட்டான். அந்த நேரத்தில் கடன் கேட்டு வரும் பிள்ளையிடம், எத்தனையாவது இடத்தில் நிற்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள்.