படத்தில் வந்த பேரேடு: 270 ரூபா எங்கே போனது?

(தோட்டப் பெண்களின் சேமிப்புக் குழுக்களுக்கான பயிற்சி நாளொன்றில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கணக்குப் பார்ப்பவர் ஒருவர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்.)



உங்களுக்குச் செக்ரோல் தெரியும். கொழுந்து எடுத்த நாளுக்குப் பேர் விழாமல் விட்டால் சம்பள நாளில்தான் அது தெரியவரும். சேமிப்புக் குழுவின் பேரேடும் அப்படித்தான். பிழை ஒரு மாதத்தில் நடக்கும், சண்டை வேறொரு மாதத்தில் வரும். எங்கள் ஊர்க் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காணாதபடி தொகைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஏன் படம் என்று சொல்லவேணும். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, எங்கள் ஒழுங்கைச் சங்கத்தின் பேரேடு அலுமாரிக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆர் எவ்வளவு கட்டினது, ஆர் எவ்வளவு தரவேணும் என்பதெல்லாம் பிறகு வாய்ப்பேச்சுத்தான். அந்தப் பயம் எங்களுக்கு இன்னும் போகவில்லை. இப்போது கூட்டம் முடிந்ததும் பொருளாளர் அக்கா அன்றைய பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்புவா. நான் வீட்டிலிருந்து கூட்டிப் பார்ப்பேன்.

குழுவில் 12 பேர். மாதச் சந்தா ஆளுக்கு 500 ரூபா. கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபா வட்டி, மிஞ்சியிருக்கிற முதலுக்கு மட்டும்.

அந்த மாதம் சந்தா 6,000 ரூபா. பன்னிரண்டை ஐந்நூறால் பெருக்கினாலும் 6,000தான் வரும். ஆனால் நான் பெருக்கவில்லை, வரி வரியாகக் கூட்டினேன். பத்துப் பேர் 500 கட்டியிருந்தார்கள். ஒருவர் போன மாத நிலுவையையும் சேர்த்து 1,000 கட்டியிருந்தார். ஒருவர் கட்டவேயில்லை. பெருக்கிப் பார்த்து விட்டிருந்தால் கூட்டுத்தொகை சரியாக இருக்கும், கட்டாதவரின் நிலுவை மட்டும் மறைந்துபோகும்.

கடன் மூன்று. தையல் மெஷின் வாங்கியவருக்கு 9,000 மிச்சம். முதல் 1,000, வட்டி 90 கட்டினார். ஆடு வாங்கியவருக்கு 16,000 மிச்சம். முதல் 2,000, வட்டி 160. பிள்ளையின் படிப்புக்கு எடுத்தவருக்கு 6,000. அவர் வட்டி 60 மட்டும் கட்டினார். ஆக முதலில் வந்தது 3,000, வட்டியில் வந்தது 310. சந்தாவையும் சேர்த்தால் வரவு 9,310. கிணற்று மோட்டார் திருத்த ஒருவருக்குப் புதுக்கடன் 10,000 கொடுத்தார்கள். கொப்பியும் பேனையும் 180. செலவுப் பக்கம் 10,180. அப்படியென்றால் கையிருப்பு 870 ரூபாவால் குறையவேணும்.

பக்கத்தின் மேலே, முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்த மீதி 8,850 என்று இருந்தது. அதில் 870 போனால் 7,980. பெட்டியை எண்ணினால் 7,710. துண்டு விழுந்தது 270 ரூபா.

இருநூற்றெழுபது ரூபா இன்றைக்குப் பெரிய காசில்லை. ஆனால் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழும்பிவிட்டது. "அக்கா, பெட்டி உங்கட வீட்டிலதானே இருக்கு?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். பொருளாளர் அக்கா அன்றிரவே எனக்குப் படத்தை அனுப்பி, "நான் இனி இந்தப் பெட்டியைத் தொடமாட்டன், தங்கச்சி" என்றா.

இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் செய்வது, வித்தியாசத்தை 9ஆல் பிரித்துப் பார்ப்பது. மீதமில்லாமல் பிரிந்தால், இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 45ஐ 54 என்று எழுதினாலும் 27ஐ 72 என்று எழுதினாலும் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்குதான். 270ஐப் பிரித்தால் 30, மீதமில்லை. 90ஆல் பிரித்தால் 3. அதாவது நூறாமிடத்திலும் பத்தாமிடத்திலும் ஒன்றுக்கொன்று மூன்று கூடக்குறைந்த இரண்டு இலக்கங்களைத் தேடவேணும். 8,850இல் எட்டும் ஐந்தும் கண்ணில் பட்டன. முன்பக்கப் படத்தைத் திறந்தேன். அங்கே கொண்டுசென்ற மீதி 8,580. பக்கம் புரட்டி எழுதும்போது கை மாறிவிட்டது. 8,580இல் 870 போனால் 7,710. பெட்டியில் இருந்ததும் அதுதான். அக்காவிடம் ஒரு சதமும் குறையவில்லை.

ஆனபடியால் படம் எடுக்கும்போது முன்பக்கத்தின் கடைசி வரியும் கட்டாயம் வேணும். கொப்பியைப் பகல் வெளிச்சத்தில் தட்டையாக விரித்து, நேர் மேலே பிடித்து, பக்கத்துக்கு ஒரு படமாக எடுங்கோ. நடுமடிப்பின் நிழலில் கடைசிச் சைபர் மறைந்து 1,000 நூறாகத் தெரிவது அடிக்கடி நடக்கும். அப்போது வரும் வித்தியாசம் 900, அதுவும் ஒன்பதால் பிரியும். ஆகவே ஒன்பதால் பிரிந்தால் இலக்கம் மாறினது என்று உடனே முடிவு கட்டாமல், மடிப்போரத்தையும் பாருங்கோ.

படித்த பிள்ளைகள் எக்செல்லில் போடுவார்கள். நல்லதுதான். ஆனால் நம் வழக்கப்படி பெட்டிக்குள் 500/= என்று அடித்தால் அது எழுத்தாகிவிடும். `=SUM(C2:C13)` அதைக் கூட்டாது, பிழை என்றும் சொல்லாது, பேசாமல் விட்டுவிடும். வெறும் 500 என்று அடியுங்கோ.

பெட்டி சரிவந்த பிறகு நான் இன்னொன்றும் பார்ப்பேன். குழுவின் சொத்து என்பது பெட்டிக் காசும் வெளியில் நிற்கிற கடனும் சேர்ந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் கடன் 31,000, காசு 8,580, ஆக 39,580. முடிவில் கடன் 38,000, காசு 7,710, ஆக 45,710. கூடியது 6,130. சந்தாவையும் வட்டியையும் கூட்டி, கொப்பிச் செலவைக் கழித்தால் அதே 6,130 வருகிறது. புதுக்கடன் கொடுத்ததால் குழு ஏழையாகவில்லை, காசு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முதல் கட்டினதை ஆரும் தவறி வட்டி நிரலில் எழுதியிருந்தால், பெட்டி சரிவரும், ஆனால் அவரவர் கொப்பியிலுள்ள கடன் மிச்சத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்குச் சரிவராது.

வட்டி நிரலை மாதாமாதம் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. 12,000 ரூபா எடுத்து மாதம் ஆயிரமாகக் கட்டுகிறவருக்கு முதல் மாதம் வட்டி 120, அடுத்த மாதம் 110, பிறகு 100 என்று இறங்கவேணும். வருடத்துக்கு 780 ரூபா. ஒவ்வொரு மாதமும் 120 என்றே எழுதியிருந்தால் 1,440. அதாவது 660 ரூபா கூட எடுத்திருக்கிறார்கள், கேட்டால் இரண்டுக்கும் "நூற்றுக்கு ஒன்றுதானே" என்பார்கள். வடக்கில் போர் முடிந்தபின் வாரக்கடன் கொடுக்க வந்த கம்பனிகளிடம் பெண்கள் பட்ட பாட்டை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கும் நிலை வந்தது. நமது குழுவிலும் ஆரோ ஒருவருக்கு அந்த நிரல் இறங்காமல் நிற்கக்கூடும். வேணுமென்று செய்ததாக இருக்காது, முன்மாத எண்ணைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

படத்தால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு. சந்தைக்குப் போகிற வழியில் ஒருவர் பொருளாளர் கையில் 500 கொடுக்கிறார். அது எழுதப்படவுமில்லை, பெட்டிக்குள் போகவுமில்லை. நான் நூறு தரம் கூட்டினாலும் எல்லாம் சரியென்றுதான் வரும். அதைப் பிடிப்பது அவரவர் கையிலிருக்கிற சிறு கொப்பிதான். காசு கொடுத்த இடத்திலேயே கையெழுத்து வாங்குங்கோ. எங்கள் குழுவில் மூன்று மாதத்துக்கு ஒருதரம் பேரேட்டைச் சத்தமாக வாசிப்போம், ஒவ்வொருவரும் தன் கொப்பியில் விரல் வைத்துப் பார்ப்பார். எழுத்துத் தெரியாத ஆச்சிமாருக்குப் பேரப்பிள்ளை பக்கத்தில் இருக்கும். உங்கள் குழுக்களின் கொப்பிகள் சில மேசையில் இருக்கின்றன. தேநீர் குடித்துவிட்டு வாங்கோ, இரண்டு பக்கம் சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.