சுழியும் தமிழெண்ணும்
(திருமுல்லைவாயிலில் ஆற்றிய உரை)



இவ்வூர் மாசிலாமணீசுவரர் கோயிலில் சோழர்காலக் கல்வெட்டுகள் உள்ளன. அக்காலக் கல்வெட்டுகளில் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டை ௨௰௫ என்று பொறிப்பது வழக்கம். இரண்டு, பத்து, ஐந்து எனச் சொல்லும் முறையே எழுதும் முறை. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். மதிப்பைக் குறியே சொல்லிவிடுவதால் சுழி தேவைப்படவில்லை. படிப்பதற்கு ஐயமற்ற முறை, இடர்ப்பாடு கணக்கிடும்போதுதான்.

இருநூற்று நான்கை முப்பதால் பெருக்குவோம். பழைய முறையில் அவை ௨௱௪, ௩௰. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு. நூற்றைப் பத்தால் பெருக்கினால் ஆயிரம் என்பதைத் தனியே நினைவிற் கொண்டு ௬௲ என்றெழுதவேண்டும். அடுத்து நான்கு முப்பது ௱௨௰. இரண்டையும் கூட்ட, ௬௲௱௨௰. திண்ணைப்பள்ளி மாணவர் எண்சுவடியை மனப்பாடஞ் செய்தது இதற்காகவே.

இடமதிப்பு முறையிலோ அவை ௨௦௪, ௩௦. மூன்றால் பெருக்கினால் ௬௧௨. வலப்பக்கம் ஒரு சுழி சேர்த்தால் ௬௧௨௦. ஒன்று முதல் ஒன்பது வரையிலான வாய்பாடே போதும். நடுச்சுழியை விட்டுவிட்டாலோ இருநூற்று நான்கு இருபத்து நான்காகிவிடும்! வெற்றிடத்தைக் காப்பதே அதன் பணி.

பிரமகுப்தர் 628இல் சுழிக்குக் கணக்கு விதிகள் வகுத்தார். தமிழெண் வழக்கில் சுழி பின்னரே சேர்ந்தது. இதை மறைப்பானேன்? தமிழெண்ணால் கணக்கெழுத விரும்புவோர் பத்தை ௧௦ என்றே எழுதுக. ௧௰ என்பது இருமுறைக்கும் பொருந்தாக் கலப்பு. பழைய முறையில் பத்துக்கு ௰ மட்டுமே போதும்.