ஒரே தாளில் மூன்று வருஷம்



ஒகேனக்கல்லில் எங்கள் குழு மீன் வறுத்து விற்கிறது. 2024 ஆகஸ்டில் விற்பனை படுத்துவிட்டது. "மே மாசம் நல்லா ஓடுச்சே, இப்ப கடையை மூடிடலாமா?" என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. பழைய கணக்கு நோட்டுகளை எடுத்தோம்.

கட்டம் போட்ட தாளில் கீழே ஜனவரி முதல் டிசம்பர் வரை எழுதினோம். பக்கத்தில் விற்ற மீன், ஒரு கட்டத்துக்கு 10 கிலோ. ரூபாயில் போட்டால் விலை ஏறினதுகூட வியாபாரம் ஏறினது போலத் தெரியும். 2022க்கு நீலக் கோடு, 2023க்குப் பச்சை, 2024க்குச் சிவப்பு. மூன்றும் அதே மாதங்களின் மேலேயே.

பார்த்ததும் புரிந்தது. மே விடுமுறையில் மூன்று கோடும் ஏறுது. அதனால மே மாசத்தோட ஆகஸ்டை ஒப்பிடக் கூடாது. ஆகஸ்டோட ஆகஸ்டைத்தான் பார்க்கணும். அங்கே நீலமும் சிவப்பும் விழுது, பச்சை விழலை. 2022லும் 2024லும் காவிரியில் வெள்ளம். பரிசலுக்கும் குளியலுக்கும் தடை. 2023ல் கர்நாடகத்தில் மழை குறைவு, அந்த வெள்ளம் இல்லை. குறை எங்க கைப்பக்குவத்தில் இல்லை.

ஒரு எச்சரிக்கை: தீபாவளி 2023ல் நவம்பர், 2024ல் அக்டோபர். அந்த ரெண்டு மாசத்தையும் சேர்த்தே பாருங்க.

கடையை மூடவில்லை. மே வருமானத்தில் ரெண்டு மாசக் கடன் தவணையை இப்போது முன்கூட்டியே எடுத்து வைக்கிறோம்.