ஒரே லைன், இருபது கம்ப்யூட்டர்: யாருக்கு எவ்வளவு?

திருவண்ணாமலையில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியின் ஹைடெக் லேப்பில், ஆன்லைன் தேர்வுக்கு முந்தின நாள் கணினி ஆசிரியர் ஒருவர் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிடம் பேசியது இந்த எபிசோட். பேச்சு நடை மாறாமல் சுருக்கித் தந்திருக்கிறோம்.

உக்காருங்க பசங்களா. நாளைக்கு டெஸ்ட். நீங்க நாப்பது பேர், இங்க இருக்குறது இருபது கம்ப்யூட்டர். அதனால ரெண்டு பேட்ச். கம்ப்யூட்டரைப் பங்கு போடுறது சுலபம், கண்ணுக்குத் தெரியுது. லைனைப் பங்கு போடுறதுதான் கஷ்டம், ஏன்னா அது கண்ணுக்குத் தெரியாது. அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல ஒரு கணக்கு. நம்ம லைன் வினாடிக்கு 20 மெகாபிட் இறக்கும். படங்களோட சேர்த்து கேள்வித்தாள் ஒண்ணு 2 மெகாபைட்னு வச்சுக்கோங்க. ஒரு பைட்டுக்கு எட்டு பிட், அப்போ 16 மெகாபிட். இருபது பேருக்கு 320. அதை 20-ஆல வகுத்தா 16 வினாடி. பதினாறு வினாடி யாருக்குமே பிரச்சினை இல்லை. அப்புறம் ஏன் போன தடவை சில பேருக்குப் பக்கமே வரலை?

லைன் ஆளைப் பார்த்துப் பங்கு பிரிக்கிறது இல்லை, இணைப்பைப் பார்த்துப் பிரிக்குது. பௌர்ணமி அன்னைக்கு நம்ம பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருப்பீங்க. ஜன்னல் வழியா ஒரே ஆள் அஞ்சு துண்டு போட்டு அஞ்சு சீட் பிடிப்பார். அவர் ஒருத்தர்தான், ஆனா அஞ்சு சீட் போச்சு. சில டவுன்லோட் சாஃப்ட்வேர் இதைத்தான் பண்ணுது. ஒரே ஃபைலை இருபது துண்டாக்கி, இருபது இணைப்புல இழுக்குது. நம்ம லேப்ல ஆளுக்கு ஒண்ணுன்னு இருபது இணைப்பு, ஸ்டாஃப் ரூம்ல ஒரே லேப்டாப்ல இருபது இணைப்பு. மொத்தம் நாப்பது. பாதி லைன் ஏறக்குறைய அந்த ஒரு லேப்டாப்புக்கே போயிடும். நம்ம பதினாறு வினாடி முப்பத்திரண்டு ஆகும்.

முப்பத்திரண்டு வினாடிகூட பொறுத்துக்கலாம். ஆனா நீங்க பொறுக்க மாட்டீங்க. பத்து வினாடி வட்டம் சுத்துனா என்ன பண்ணுவீங்க?

("ரிஃப்ரெஷ் அடிப்போம் சார்!")

அதேதான். ரிஃப்ரெஷ் அடிச்சா பாதி இறங்குனதை விட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து கேக்குது. இருபது பேரும் அடிச்சா, லைன் முழு வேகத்துல ஓடும், ஆனா யாருக்கும் பக்கம் முழுசா வராது.

இது நம்ம ஸ்கூல்ல மட்டும் நடந்தது இல்லை. 1986 அக்டோபர்ல அமெரிக்காவுல, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல இருந்த இணைப்பு திடீர்னு படுத்துடுச்சு. ரெண்டு இடத்துக்கும் தூரம் சுமார் 400 கஜம்தான். வினாடிக்கு 32,000 பிட் போயிட்டிருந்தது 40 பிட்டா குறைஞ்சுது. கேபிள் அறுந்து போகலை. வழியில நெரிசல், அனுப்புனது க்யூவுல நின்னுட்டிருக்கு. கம்ப்யூட்டருங்க அது தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சு மறுபடி மறுபடி அனுப்புச்சு. நெரிசல் இன்னும் கூடிடுச்சு. வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ்னு ரெண்டு பேர் 1988-ல இதுக்கு வழி எழுதுனாங்க. நெரிசல்னு தெரிஞ்சா அனுப்புறவனே வேகத்தைக் குறைச்சுக்கணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். அந்த அடிப்படைதான் இன்னைக்கும் உங்க போன்ல ஓடுது. ஆனா அது இணைப்புகளுக்கு நடுவுல நடக்குற நியாயம். துண்டு போடுற ஆளை அது தடுக்காது. ரிஃப்ரெஷ் அடிக்கிற விரலையும் தடுக்காது. அந்த ரெண்டையும் நாமதான் பார்த்துக்கணும்.

அதனால நாளைக்கு இப்படிப் பண்றோம். ஒரு வரிசைக்கு அஞ்சு கம்ப்யூட்டர், நாலு வரிசை. எல்லாரும் ஒண்ணா திறக்காதீங்க. முதல் வரிசை திறக்கட்டும், அஞ்சு பேருக்கும் நாலு வினாடியில வந்துடும். அப்புறம் ரெண்டாவது வரிசை, எட்டாவது வினாடியில முடியும். மூணாவது பன்னெண்டு, நாலாவது பதினாறு.

("கடைசி வரிசைக்கு நஷ்டம்தானே சார்?")

நல்ல கேள்வி. எல்லாரும் ஒண்ணா திறந்திருந்தா கடைசி வரிசைக்கு எப்ப வந்திருக்கும்? அதே பதினாறாவது வினாடி. அவங்களுக்கு எதுவும் குறையலை, முன்னாடி மூணு வரிசைக்கும் லாபம். ஆனாலும் எப்பவும் ஒரே வரிசை கடைசியா இருக்கக் கூடாது. அடுத்த டெஸ்ட்டுக்கு நாலாவது வரிசைதான் முதல்ல. ரெண்டாவது பேட்ச்சுக்கும் அதே முறைதான்.

கேள்வித்தாள் வந்ததுக்கு அப்புறம் கதை மாறுது. ஒவ்வொரு விடையும் சில கிலோபைட்தான். அதுக்கு அகலமான லைன் வேண்டாம், க்யூ இல்லாத லைன் வேணும். நம்ம லைன்ல ஏத்துற வேகம் வினாடிக்கு 2 மெகாபிட்தான். ஆபீஸ் வைஃபையில ஒரு போன் தானா போட்டோ, வீடியோவை எல்லாம் பேக்கப் பண்ண ஆரம்பிச்சா, ரவுட்டர்ல க்யூ சேருது. 1 மெகாபைட் சேர்ந்துச்சுன்னா அது 8 மெகாபிட், கரைய நாலு வினாடி. உங்க குட்டி விடையும் அந்த க்யூவுக்குப் பின்னாடிதான் நிக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் நாலு வினாடி, அம்பது கேள்விக்கு இருநூறு வினாடி. மூணு நிமிஷத்துக்கு மேல போச்சு. அந்த போன்காரருக்கு இது தெரியவே தெரியாது.

எங்க அடைக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஓரத்துல இருக்குற கம்ப்யூட்டர்ல நான் ரெண்டு கட்டளை ஓட விடுவேன்.

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
```

முதல் எண் நம்ம ரவுட்டர், ரெண்டாவது வெளியுலகம். ரவுட்டர் சில மில்லிசெகண்ட்ல பதில் சொல்லி, வெளியில இருந்து வர்ற பதில் ஆயிரத்தைத் தாண்டுனா, லைன்ல க்யூ. யாரோ பெருசா எதையோ ஏத்துறாங்க இல்ல இறக்குறாங்க. அதை நிறுத்துன உடனே எண் விழும். ரவுட்டரே தாமதமா பதில் சொன்னா நம்ம கேபிள்லயோ வைஃபையிலயோ கோளாறு. ரெண்டும் நல்லா இருந்து பக்கம் மட்டும் வரலைன்னா, அநேகமா தேர்வு சர்வர்லதான் கோளாறு. அங்க நம்ம பங்கீடு எதுவும் உதவாது. மணியையும் கம்ப்யூட்டர் நம்பரையும் நோட்டுல எழுதுங்க, நான் மேல தெரிவிக்கிறேன்.

போன் ஹாட்ஸ்பாட்டை நம்பாதீங்க. பௌர்ணமி கூட்டத்துல கிரிவலப் பாதையில ஒரு மெசேஜ் போக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு உங்களுக்கே தெரியும். டவரும் பங்கு போடுற லைன்தான்.

இன்னைக்கு சாயந்திரம் வைஃபை பாஸ்வேர்டை மாத்திடுவேன். டெஸ்ட் முடியுற வரைக்கும் ஆபீஸ்ல ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் கொடுப்பேன். தலைமையாசிரியர் அனுமதி வாங்கியாச்சு. ஆசிரியர்களுக்கும் இதே விதிதான், எனக்கும்தான். உங்கள்ல பாதிப் பேருக்கு வீட்டுல நெட் கிடையாது, இந்த லைன்தான் அவங்களுக்கு டெஸ்ட் ஹால்.

உங்க பங்குக்கு மூணே வேலை. உங்க வரிசையைக் கூப்பிட்ட அப்புறம்தான் திறக்கணும். வேற டேப் எதுவும் கூடாது. வட்டம் சுத்துனா முப்பது வினாடி மனசுக்குள்ள எண்ணுங்க, அப்பவும் வரலைன்னா கையைத் தூக்குங்க, ரிஃப்ரெஷ் மட்டும் வேண்டாம். முதல் பேட்ச் ஒன்பதே முக்காலுக்கு இங்க இருக்கணும். சரி, கிளம்புங்க.