ஒரே மதிப்பெண் வாங்கும் இரு பிழைகள்



மாநாட்டின் தலைமை உரை எல்லாக் கட்டுரைகளையும் தொட்டுச் செல்ல வேண்டும் என்பது மரபு. நான் ஒரே ஒரு பிரிவேளைக்குள் நின்றுகொள்கிறேன். ஐந்தாம் வகுப்பு, நாற்பது நிமிடம், இரண்டு பின்னங்களில் எது பெரியது என்ற பாடம். வகுப்பில் எல்லா நிலைக் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஆளுக்கேற்ற செயல்பாடு தர வேண்டும். எதை வைத்துக் குழந்தைகளைப் பிரிப்பது என்பதுதான் என் கேள்வி.

நமக்குப் பழக்கமானது படிநிலைப் பிரிப்பு. தமிழகத்தில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் வைத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு இப்படி ஓர் ஏணி பொருந்தும். பின்னத்தில் அது சறுக்குகிறது. பின்னத்தில் தவறு செய்யும் குழந்தை பெரும்பாலும் கீழ்ப்படியில் நிற்பதில்லை. ஏதோ ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு, அதைக் கொஞ்சமும் பிசகாமல் கடைப்பிடிக்கிறது. அந்த விதி என்ன என்பதை மதிப்பெண் சொல்லாது.

பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் கரும்பலகையில் இரண்டு இணைகளை எழுதுங்கள். 1/6, 1/8 என்பது ஒன்று. 2/3, 3/4 என்பது மற்றொன்று. ஒவ்வொன்றிலும் பெரியது எது, அல்லது இரண்டும் சமமா என்று ஒவ்வொரு குழந்தையும் பேசாமல் துண்டுத்தாளில் எழுதட்டும். ஏன் என்று ஒரு வரியும் வேண்டும். சரியான விடை 1/6, 3/4.

முழு எண் பழக்கத்திலேயே இருக்கும் குழந்தை 1/8, 3/4 என்று எழுதும். எட்டு ஆறைவிடப் பெரியது. மூன்றும் நான்கும் இரண்டையும் மூன்றையும்விடப் பெரியவை. இரண்டாவது விடை சரி, காரணம் தவறு. இன்னொரு குழந்தை 1/6, 2/3 என்று எழுதும். கீழே உள்ள எண் பெரிதானால் பின்னம் சிறிது என்று எப்போதோ நாம் சொன்னதை அது அப்படியே வைத்திருக்கிறது. மேலே உள்ள எண்ணை அது பார்ப்பதே இல்லை. இருவருக்கும் இரண்டுக்கு ஒன்று மதிப்பெண். நம் பதிவேட்டில் இருவரும் ஒரே நிலை, இருவருக்கும் ஒரே பயிற்சித்தாள். ஆனால் முதல் குழந்தையிடம் போய்ப் பகுதி பெரிதானால் துண்டு சிறிது என்று சொல்வது மருந்து. இரண்டாவது குழந்தைக்கு அதுதான் நோய்க்குக் காரணமே.

மூன்றாவது வகையும் உண்டு. 1/6 என்று சரியாக எழுதிவிட்டு, 2/3உம் 3/4உம் சமம் என்று எழுதும். முழுமைக்கு இரண்டிலும் ஒன்றுதான் குறைகிறது என்பது அதன் காரணம். நான் இந்தக் குழந்தையை மிகவும் மதிக்கிறேன். மீதத்தைப் பார்க்கும் கண் அதற்கு வந்துவிட்டது. மீதத்தின் அளவை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

தசம எண்களில் இதே வேலையை ஆஸ்திரேலியாவில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டெய்ன்லேயும் விரிவாகச் செய்தார்கள். நீளமான தசமம் பெரியது என்று நினைக்கும் குழந்தைகளும், குட்டையானதே பெரியது என்று நினைக்கும் குழந்தைகளும் தனித்தனியே தெரியும்படி வினாக்களை அமைத்தார்கள். நாம் பின்னத்துக்குச் செய்வது அதன் சிறு வடிவம்.

இனிச் செயல்பாடுகள். எல்லோருக்கும் ஒரே பொருள்தான்: 24 செ.மீ. நீளத்தில் முன்கூட்டியே வெட்டிய தாள் பட்டைகள். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு என எதாலும் 24 மீதமின்றி வகுபடும். வட்டம் வேண்டாம், வட்டத்தை மூன்றாக்க முயன்ற குழந்தையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். அளவுகோலும் வேண்டாம். அது கைக்கு வந்தால் 16, 18 என்ற சென்டிமீட்டர்களைத்தான் ஒப்பிடுவார்கள், பின்னத்தை அல்ல. மூன்றாக மடிக்கப் பட்டையை எஸ் போல வளைத்து, மூன்று அடுக்கும் சமமாகும்வரை இழுத்துச் சரிசெய்து, பிறகு அழுத்த வேண்டும். இதற்கே நான்கைந்து நிமிடம் போகும். போகட்டும், சமமாக்குவதற்குப் படும் பாடு பின்னத்தின் பாதிப் பாடம்.

முதல் வகைக் குழந்தைகளிடம் மடிப்பதற்கு முன்பே கேளுங்கள்: ஒரு கடலை மிட்டாய்ப் பட்டையை ஆறு பேர் பங்கிடும் வரிசை, அதே அளவுப் பட்டையை எட்டுப் பேர் பங்கிடும் வரிசை, நீ எதில் நிற்பாய்? ஆறு பேர் வரிசையில் நிற்கிறேன் என்ற குழந்தையிடம் அதன் துண்டுத்தாளைத் திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலும் நாம் வாய் திறக்க வேண்டியதில்லை. பிறகு ஒரு பட்டையை மூன்றாக மடித்து மறுபடி பாதியாக்கினால் ஆறு. இன்னொன்றை மும்முறை பாதியாக்கினால் எட்டு. ஒரு துண்டோடு ஒரு துண்டை வைத்துப் பார்க்கட்டும்.

இரண்டாம், மூன்றாம் வகைக் குழந்தைகளைத் தனித்தனிக் குழுவாக்காமல் இருவர் இருவராகச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவருக்குத் துண்டின் அளவு தெரியும், மற்றவருக்கு மீதம் தெரியும். மூன்றாக மடித்த பட்டையில் இரண்டுக்கும், நான்காக மடித்ததில் மூன்றுக்கும் வண்ணம் தீட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, வண்ணம் இல்லாத இடத்தைப் பற்றி மட்டும் பேசச் சொல்லுங்கள். இங்கே மீதி ஒன்று, அங்கேயும் ஒன்று என்பான் ஒருவன். ஆனால் மூன்றில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரியது என்பாள் மற்றவள். அப்படியானால் எதில் வண்ணம் அதிகம்? இருவரும் தம்மிடம் இருந்ததை விட்டுக்கொடுக்காமலே சரியான விடைக்கு வருகிறார்கள்.

இரண்டும் சரியாக எழுதியவர்களிடம் பெரிய எண்களைத் தருவது நம் பழைய சோம்பல். மீ.சி.ம. கண்டு பகுதிகளைச் சமமாக்க அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியும். அதைத் தடை செய்துவிட்டு, 7/8, 8/9 இரண்டில் பெரியதைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு 2/3க்கும் 3/4க்கும் இடையில் ஒரு பின்னம் கேளுங்கள். யாரேனும் மேலோடு மேலும் கீழோடு கீழும் கூட்டி 5/7 என்பார்கள். கூட்டலுக்கு முழுத் தவறான அந்த வழி, இடைப்பட்ட பின்னத்தைக் கண்டுபிடிக்க எப்போதும் சரியாக வரும். ஏன் என்று அவர்கள் அடுத்த வாரம்வரை மண்டையை உடைத்துக்கொள்ளலாம்.

பட்டைகளை நாமே முன்கூட்டி வெட்டுவதற்குக் காரணம் உண்டு: குழந்தைகளே வெட்டினால் நீளம் மாறும். குட்டைப் பட்டையின் 3/4, நீளப் பட்டையின் 2/3ஐவிடச் சிறிதாகி வகுப்பே குழம்பும். முதல் நாள் அது வேண்டாம்.

கடைசி ஐந்து நிமிடத்தில் மறுபடி துண்டுத்தாள்: 1/5, 1/4, பிறகு 4/5, 3/4. அமைப்பு முதல் இரண்டு இணைகளைப் போன்றதே. 1/4, 4/5 என்று எழுதியவர்கள் நகர்ந்துவிட்டார்கள். முன்பு 1/8 என்று எழுதிய குழந்தை இப்போது 1/4, 3/4 என்று எழுதினால் அது தேறிவிட்டதாக எண்ணாதீர்கள். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குத் தாவியிருக்கிறது. அது முன்னேற்றமா என்று கேட்டால், ஆம் என்பேன். மறுநாள் அதற்கு மீதம் பார்க்கும் பட்டை.

இந்த முறைக்கு எல்லை உண்டு. இரண்டே வினாக்களில் ஊகித்தும் சரியாக எழுதலாம், அதனால்தான் காரண வரி கேட்கிறோம். எழுதத் தடுமாறும் குழந்தை அந்த வரியைச் சொல்லட்டும், ஆசிரியர் குறித்துக்கொள்ளட்டும். நாற்பது துண்டுத்தாள்களை மூன்று நிமிடத்தில் பிரிக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. காரணத்தைப் படிக்காமல் விடைகளை மட்டும் பார்த்து முதலில் பிரித்துவிட்டு, ஐயமானவற்றை மட்டும் படித்தால் முடியும். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியில் துண்டுத்தாளை முந்தைய நாள் மாலையே வாங்கிவிடுவது நல்லது.

இன்று வாசிக்கப்படும் கட்டுரைகளில் குழந்தைகளின் விடைத்தாள்கள் இருந்தால், மதிப்பெண் பட்டியலோடு விடைகளையும் திரையில் காட்டும்படி கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அமர்வைத் தொடங்கலாம்.