கடைக்கு விழும் ஒற்றை நட்சத்திரம்

நம்மில் கடை வைத்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மாமல்லபுரத்தில் ஒரு கற்சிற்பக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பில் 20 பேர் போட்ட நட்சத்திரங்கள் மொத்தம் 94. சராசரி 4.7. ஒரே இரவில் முன்பின் தெரியாத மூன்று பேர் ஆளுக்கொரு நட்சத்திரம் போட்டால், 97-ஐ 23-ஆல் வகுக்க வேண்டும். சராசரி 4.2 ஆகிவிடும். மறுபடி 4.5-ஐத் தொட, இன்னும் 13 பேர் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும்.

கோபப்படுவதற்கு முன் பில் புத்தகத்தைப் பாருங்கள். எழுதியவர் பெயரைத் தொட்டால், அவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்பது பெரும்பாலும் தெரியும். ஒரே நாளில் டெல்லி, கொச்சி, மாமல்லபுரம் என்றிருந்தால் சந்தேகப்படலாம்.

பிறகு அந்த விமர்சனத்தின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, Report review கொடுங்கள். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கமாட்டார்கள். விதிமீறல் இருந்தால்தான் நீக்குவார்கள். மறுத்துவிட்டால் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். "உங்கள் பெயரில் எங்களிடம் பில் இல்லை. பில் எண்ணுடன் தொடர்புகொள்ளுங்கள், சரிசெய்கிறோம்" என்று பணிவாகப் பதில் போடுங்கள். அந்தப் பதில் எழுதியவருக்கல்ல, அடுத்து வந்து படிக்கும் வாடிக்கையாளருக்கு.

தள்ளுபடி கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்குவதும் விதிமீறல்தான். கண்டுபிடித்தால், அந்தக் கடைக்குப் புது விமர்சனம் வருவதையே சில காலம் நிறுத்திவிடுவார்கள்.

கடை இல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் உண்மையாக வாங்கிய கடையைப் பற்றி, என்ன வாங்கினீர்கள், எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள்.