மக்கும் பையும் நம் பெயர்ப்பலகையும்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கியில் பேரேடு பார்த்தே காலம் கழித்தவன் நான். எழுதியதும் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேட்டில் ‘கழிவே இல்லாத பசுமை வளாகம்’ என்று பலகை வைக்கப் போகிறோம் அல்லவா, அது பற்றித்தான் பேச வந்தேன்.

‘100% மக்கும்’ என்று அச்சிட்ட குப்பைப் பைகளைச் சங்கமே வாங்கிக் கொடுத்தது. நானும் கை தூக்கியவன்தான். மூன்று மாதம் கழித்து உரத்தொட்டியைக் கிளறினால் காய்கறித் தோல் மண்ணாகியிருக்கிறது; பை பையாகவே இருக்கிறது.

விற்றவர் பொய் சொன்னாரா? முழுப்பொய் என்று சொல்ல முடியாது. மக்கும் பிளாஸ்டிக்குக்கு ஐ.எஸ்.ஓ. 17088 என்றொரு தரம் உண்டு. அதற்கான சோதனையை ஏறக்குறைய 58 டிகிரி வெப்பத்தில், ஆறு மாதம் வரை நடத்துகிறார்கள். பெரிய உர ஆலையில் அந்தச் சூடு நிலைக்கும். நம் தொட்டி ஓரிரு நாள் சூடாகி ஆறிவிடும். பை மக்கும்தான், ஆனால் நம்மிடம் அல்ல. அந்த நிபந்தனையைப் பையில் எங்கும் காணோம். தர எண்ணும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, என் தப்பும்தான்.

இது பழைய கதை. 1989-ல் அமெரிக்காவில் மோபில் நிறுவனம் தன் ஹெஃப்டி குப்பைப் பை சிதைந்துவிடும் என்று விளம்பரம் செய்தது. சிதைவதற்கு வெயில் படவேண்டும். குப்பைப் பை போவதோ மண்ணுக்கடியில்! 1990-ல் பல மாநிலங்கள் வழக்குப் போட, அடுத்த ஆண்டு பணம் கட்டிச் சமரசம் செய்துகொண்டது.

நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. ‘பசுமை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரத்தில் மொட்டையாகச் சொல்லக்கூடாது. எந்த விதத்தில் என்று விளக்கமும் ஆதாரமும் வேண்டும். அது கம்பெனிகளுக்குத்தானே என்பீர்கள். சரி, நம் பலகையை அதே கண்ணோடு பார்ப்போமே.

‘கழிவே இல்லாத’ என்கிறோம். தினமும் காலையில் மாநகராட்சி வண்டி எதை ஏற்றிக்கொண்டு போகிறது? நாப்கின், டயப்பர், பால் கவர், தெர்மோகோல். உரமாவது சமையலறைக் கழிவு மட்டும். அதிலும் சில வீடுகள் இன்னும் பிரித்துக் கொடுப்பதில்லை. யாரென்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். வீடு வாங்க வருபவர் பலகையை நம்பி விலை பேசினால், அந்தப் பை வியாபாரிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

செய்வதை எழுதினாலே நமக்குப் பெருமைதான். என் வாசகம் இது: ‘இங்கு பிரித்துத் தரப்படும் சமையலறைக் கழிவு வளாகத்திலேயே உரமாகிறது. மற்ற குப்பை மாநகராட்சிக்குச் செல்கிறது.’ கீழே, போன மாதம் எத்தனை கிலோ உரம் கிடைத்தது என்று சாக்பீஸால் எழுத ஓர் இடம். எடை போட்டு எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெயின்டர் சனிக்கிழமை வருகிறார். அதற்குள் முடிவு சொல்லிவிடுங்கள்.